கலயம் அவர் கழுத்தில், கல்லூரி அட்டை என் கழுத்தில்

குன்னம் பக்கத்தில் ஒரு காலனித் தெருவில் எங்கள் படிப்பகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். மக்காச்சோளக் காட்டிலும் வெங்காயக் காட்டிலும் வேலை முடித்து வருகிறவர்கள், கல்லூரியில் படிக்கிறவர்கள், ஒன்றிரண்டு பேர் ஊர்த் தெருவிலிருந்தும் வருகிறவர்கள். எழுதியதை வாசிப்போம், பேசுவோம், சில நேரம் சண்டையும் போட்டுக்கொள்வோம். ஒருமுறை எல்லோருமாகச் சென்னைக்குப் போய் ஓர் ஓவியக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்தோம். அடுத்த வாரத்துக்குள் ஏதாவது ஒரு படத்தைப் பற்றிக் கவிதை எழுதி வரவேண்டும் என்று பேசிக்கொண்டோம். பதினொரு கவிதைகள் வந்தன. அவற்றில் ஏழு ஒரே படத்தைப் பற்றியவை.

அந்தப் படத்தை வரைந்தவர் ஓர் இளம் ஓவியர். ஒரு மனிதர் நமக்கு முதுகைக் காட்டியபடி தெருவில் நடந்து போகிறார். கழுத்துக் கயிற்றில் ஒரு மண்கலயம், தோளுக்குப் பக்கத்தில் அதன் வளைவு மட்டும் தெரிகிறது. இடுப்பில் கட்டிய துடைப்பம் பின்னால் தரையில் இழுபடுகிறது. அவர் நடந்த தடம் அந்தத் துடைப்பத்தாலேயே அழிந்துகொண்டு போகிறது. இரண்டு பக்கமும் சாத்திய கதவுகள்.

இந்த உருவம் எங்கிருந்து வந்தது என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். 1936இல் லாகூர் மாநாட்டுக்காக அம்பேத்கர் எழுதி, மாநாடு கைவிடப்பட்டதால் தானே அச்சிட்ட சாதி ஒழிப்பு உரையில் இது இருக்கிறது. பேஷ்வாக்களின் ஆட்சியில் பூனா நகரத்தில் தீண்டப்படாதவர் தன் காலடி மண்ணைத் தானே பெருக்கிக்கொண்டு போக இடுப்பில் துடைப்பமும், எச்சில் தரையில் விழாமலிருக்கக் கழுத்தில் மண்கலயமும் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது என்று அவர் எழுதினார். பெரியாரின் குடி அரசு அந்த உரையைத் தமிழில் கொண்டுவந்தது. பின்னால் நாக்பூரில் பிறந்த தலித் ஓவியர் சவி சாவர்க்கர் இந்த மனிதரைத் தன் ஓவியங்களிலும் அச்சுப் படங்களிலும் வரைந்து கலைக்கூடங்களின் சுவரில் ஏற்றினார். சென்னையில் நாங்கள் பார்த்தது அந்த வழியில் வந்த ஒரு படம்.

இவ்வளவு கனமான படம், ஏழு கவிதைகள். ஏழையும் வாசித்து முடித்தபோது ஒருவர்தான் ஏழையும் எழுதினாரோ என்று தோன்றியது. கலயம் தொங்கியது, துடைப்பம் இழுபட்டது, வானம் சிவந்தது, நூற்றாண்டுகள் சுமையாயின, கடைசி வரியில் விடியல் வந்தது. கோபம் பொய்யில்லை. ஆனாலும் ஒருவர் கோபத்துக்கும் இன்னொருவர் கோபத்துக்கும் அடையாளம் இல்லை.

அதில் ஒன்றைத் தருகிறேன். எழுதியவர் கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை. பெயர் வேண்டாம், கவிதையைப் பற்றிப் பேசலாம் என்று ஒப்புதல் கொடுத்திருக்கிறார். முதல் படியின் தொடக்கம் இப்படி இருந்தது:

கழுத்தில் கலயம் தொங்குகிறது
இடுப்பில் துடைப்பம் இழுபடுகிறது
கண்களில் கண்ணீர்க் கடல்
செவ்வானம் இரத்தமாய் வழிகிறது
அவன் நடக்கிறான்
நூற்றாண்டுகளின் சுமையோடு

வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "ஏம்மா, அந்தாளு முதுகைத்தான காட்டிட்டுப் போறாரு, கண்ணீர எங்க பாத்த?"

எல்லோரும் சிரித்தோம், அந்தத் தங்கையும் சிரித்தார். சிரிப்பு அடங்கியபின் எனக்கு அது சிரிக்கிற விஷயமாகப் படவில்லை. படத்தில் முகமே இல்லை. ஓவியர் வேண்டுமென்றே அதைக் கொடுக்காமல் விட்டிருக்கிறார். நாம் அதற்குக் கண்ணையும் கண்ணீரையும் ஒட்டவைத்திருக்கிறோம், ஒடுக்கப்பட்டவர் என்றால் அழுதுகொண்டிருக்க வேண்டும் என்று நமக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருப்பதால். செவ்வானமும் அப்படித்தான் வந்தது. அந்தப் படத்தில் வானத்துக்கு இடமே கிடையாது, கதவுகள்தான்.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைத்தது. கவிதையிலுள்ள ஒவ்வொரு வரியையும் எடுத்து, இது அந்தப் படத்தைப் பார்க்காமலே எழுதக்கூடியதா என்று கேட்டுப் பாருங்கள். ஏழு கவிதைகளிலும் பாதிக்குமேல் அப்படி இருந்தன. படத்தை அப்படியே சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு படத்தைப் பார்க்காமலேயே சொல்லியிருக்கிறோம். எழுதுகிறவருக்கு அந்தப் படத்தோடு என்ன கணக்கு என்று தெரியாதபோது கண்ணும் சரியாகப் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. நாம் ஒரு படத்தை வர்ணிக்கும்போது அந்த மனிதரை மறுபடியும் தெருவில் நிறுத்துகிறோம். ஊரே பார்க்க நடக்கவைத்த தண்டனை அது. ஓவியர் அவரைத் திருப்பி நிறுத்தி முகத்தையாவது காப்பாற்றினார். கவிதை எழுதுகிறவர் தான் எங்கே நிற்கிறார் என்பதைச் சொல்லாமல் அவரை மட்டும் காட்டினால், அந்தச் சாத்திய கதவுகளின் இடுக்கில் நின்று பார்க்கிற இன்னொருவராகிவிடுகிறார். எழுதுகிறவர் தலித்தாக இருந்தாலும் இந்த ஆபத்து குறைவதில்லை.

இது நமக்கு மட்டும் வந்த சிக்கலில்லை. 1860க்கும் 1862க்கும் இடையில் பிரெஞ்சு ஓவியர் மில்லே, மண்வெட்டியில் சாய்ந்து நிற்கும் ஓர் உழைப்பாளியை வரைந்தார். கல்லும் முள்ளுமான நிலம், குனிந்த முதுகு, திறந்த வாய். 1863இல் பாரிசின் பெரிய கண்காட்சியில் வைத்தபோது விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். இவ்வளவு அழகில்லாத ஆளை எதற்கு வரையவேண்டும், இது சோசலிசப் பிரச்சாரம் என்றார்கள். மில்லே உழவர் குடும்பத்துப் பிள்ளை. பின்னால் அந்தப் படம் அமெரிக்காவுக்குப் போய்ச் சான் பிரான்சிஸ்கோவின் பணக்காரக் குடும்பம் ஒன்றின் கைக்கு வந்தது. அங்கே அதைப் பார்த்த எட்வின் மார்க்கம் என்ற பள்ளித் தலைமையாசிரியர் ஒரு கவிதை எழுதினார். 1899 சனவரியில் சான் பிரான்சிஸ்கோ நாளேடு ஒன்றில் அது வந்தது. நாடு முழுவதும் பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன. தொழிலாளர் கூட்டங்களில் வாசித்தார்கள். ஓர் ஓவியத்தைப் பார்த்து எழுதிய கவிதைகளில் அவ்வளவு பேரைச் சென்று சேர்ந்தவை குறைவு.

அந்தக் கவிதையின் நல்லதை மறுக்கமாட்டேன். உழைப்பவரின் முதுகு வளைந்தது இயற்கையாலோ கடவுளாலோ அல்ல, ஆள்கிறவர்களால் என்று அது விரலை நீட்டியது. உலகத்து எசமானர்களைப் பார்த்து, இந்த மனிதனுக்கு என்ன பதில் சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டது. முதலாளிகளுக்கு அது எரிச்சலூட்டியது. ஆனால் அதை நாம் வேறொரு கண்ணோடும் வாசிக்கவேண்டும். அந்த மனிதனை அது மாட்டுக்கு உடன்பிறப்பு என்கிறது. அவன் மூளையின் விளக்கை யாரோ ஊதி அணைத்துவிட்டார்கள் என்கிறது. அவனுக்காக எசமானர்களிடம் பேசுகிறது, ஆனால் அவனிடம் ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. மில்லேயின் படத்தில் இருப்பவர் வேலைக்கு நடுவில் மண்வெட்டியை ஊன்றி மூச்சு வாங்குகிறார். இடுப்பு ஒடியக் களை வெட்டியவர்களுக்கு அந்த நிற்கிற விதம் தெரியும். அது அறிவு அணைந்துபோன நிலை என்று களை வெட்டியவர் யாரும் சொல்லமாட்டார்.

இதில் என்னை உறுத்துவது, மார்க்கமும் அந்த வேலை தெரிந்தவர் என்பதுதான். சிறுவயதில் கலிபோர்னியாவில் தாயோடு பண்ணையில் நிலத்திலும் கால்நடையிலும் பாடுபட்டு வளர்ந்தவர். படித்து, ஆசிரியராகி, அந்த நிலத்தைவிட்டு வெளியே வந்தவர். படத்துக்கு முன்னால் நின்றபோது அவருக்கும் படத்திலிருந்தவருக்கும் நடுவில் ஒரு பெரிய கதை இருந்தது. மண்வெட்டியைக் கீழே வைத்த கை இது என்று அவர் சொல்லியிருக்கலாம். அந்தக் கதையை அவர் கவிதைக்கு வெளியே நிறுத்திவிட்டார். அதனால் கவிதையில் இரண்டே தரப்புதான் மிஞ்சியது: பேசாத உழைப்பாளியும், பதில் சொல்லாத எசமானர்களும். நடுவில் நின்று பேசுகிறவர் யார் என்பது தெரியவில்லை. எங்கள் ஏழு கவிதைகளிலும் விடுபட்டது இதுவேதான்.

மார்க்கத்தின் கதையைச் சொல்லிவிட்டு அந்தத் தங்கையிடம் எழுதியதைத் திருத்தி வரச் சொன்னேன். இரண்டாம் படி இப்படித் தொடங்கியது: நான்தான் அவன், என் கழுத்திலும் கலயம்.

இது எதிர்பார்த்ததுதான். வெளியே நின்று பார்த்தது தப்பு என்றவுடன் எல்லோரும் ஒரே தாவலில் படத்துக்குள் குதித்துவிடுவார்கள். நம் மேடைகளில் இந்த வகைக் கவிதைக்குக் கைதட்டலும் நிச்சயம். ஆனால் இதிலும் ஒரு பொய் இருக்கிறது. அந்த மனிதர் சுமந்ததை நாம் சுமக்கவில்லை. நாம் சுமப்பது வேறு, அதன் வடிவமும் வேறு. "நானே அவன்" என்று சொன்னவுடன் அவருடையதும் போய்விடுகிறது, நம்முடையதும் வெளியே வராமல் போய்விடுகிறது.

அவரிடம் கேட்டேன்: "உன் கழுத்துல அன்னைக்கு என்ன தொங்குச்சு?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "காலேஜ் ஐடி கார்டுண்ணா. டிக்கெட் எடுக்குற எடத்துல காட்டச் சொன்னாங்க, அப்படியே போட்டிருந்தேன்."

"படத்துல மொதல்ல எதப் பாத்த?"

"தொடப்பத்த."

"ஏன், கலயம்தான பெருசா இருந்துச்சு?"

"கட்டு சரியில்லண்ணா. சணல் கயிறு போட்டுக் கட்டிருக்காரு. தண்ணி பட்டா அவுந்துரும். எங்கம்மா சைக்கிள் டியூப்ப அறுத்துத்தான் கட்டும்."

அவருடைய அம்மா ஊராட்சியில் தூய்மைப் பணியாளர் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதுவரை அந்த அம்மா கவிதையில் வரவில்லை. துடைப்பத்தின் கட்டைப் பார்த்த கண் அந்தக் கண்காட்சி முழுவதிலும் இவருடையது ஒன்றுதான். ஓவியர்கூட அதைப் பார்க்கவில்லை. இதை விட்டுவிட்டுக் கண்ணீர்க் கடலை எழுதியிருந்தார்.

இதோடு விட்டிருந்தால் கவிதை அம்மாவின் துடைப்பத்தைப் புகழ்ந்து முடிந்திருக்கும். உழைக்கும் தாய் என்று இன்னொரு படமாக அந்த அம்மாவையும் சுவரில் மாட்டியிருப்போம். அதனால் மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்டேன்: "இதப் பத்தி எதச் சொன்னா உனக்குச் சங்கடம்?" அதற்கு அன்று பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறும் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் ஒரு தாளோடு வந்தார்.

படத்தின் முன்னால் நின்றபோது
என் கழுத்தில் கல்லூரி அட்டை.
அவர் இடுப்பில் துடைப்பம்.
கட்டு சரியில்லை.
கயிறு நனைந்தால் இளகிவிடும்.
அம்மா சைக்கிள் டியூப்பால் கட்டும்,
நாலு சுற்று,
கடைசிச் சுற்றைப் பல்லால் இழுத்து.

தாயின் தொழில் என்ற கட்டத்தில்
விவசாயக் கூலி என்று எழுதினேன்.

தன் தடத்தை அழித்துக்கொண்டு போக
அவருக்குத் துடைப்பம் கட்டிவிட்டார்கள்.
நான் நீலப் பேனாவை
என் காசில் வாங்கினேன்.

அன்று படிப்பகத்தில் யாரும் கைதட்டவில்லை. கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவுமில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் ஏதோ ஒரு விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை மாற்றி நிரப்பியிருப்போம் என்று ஒவ்வொருவரும் தனக்குள் எண்ணிக்கொண்டிருந்தோம். நானும் எண்ணினேன்.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பதினாலு வரியில் படத்தைப் பற்றியவை நாலுதான். கலயமே வரவில்லை. கதவுகள் வரவில்லை. ஆனால் படத்தைப் பார்க்காத ஒருவருக்கும் அதில் ஒரு மனிதர் இருக்கிறார், இடுப்பில் துடைப்பம் இருக்கிறது, அது அவர் தடத்தை அழிக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. கவிதைக்கு அவ்வளவு போதும். எந்தப் பொருளில் எழுதுகிறவரின் கணக்கு இருக்கிறதோ அந்தப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஓவியரிடமே விட்டுவிட வேண்டும்.

அடுத்தது, துடைப்பத்தின் வேலை மாறியிருக்கிறது. முதல் படியில் அது அவமானத்தின் அடையாளம், அவ்வளவுதான். கடைசிப் படியில் அது தடத்தை அழிக்கும் கருவி என்பது முக்கியமாகிவிட்டது. படத்தில் அது முதலிலிருந்தே இருந்தது, ஓவியர் தெளிவாகவே வரைந்திருந்தார். ஆனால் தானும் ஒரு தடத்தை அழித்தவர் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்தத் தங்கைக்கு அது கண்ணில் பட்டது. தன் பங்கைத் தேடிப் போனவர் படத்தை விட்டு விலகிவிடவில்லை. முன்னைவிட நன்றாகப் பார்த்தார்.

மூன்றாவது, அவர் சொல்லாமல் செய்த ஒரு திருத்தம். முதல் படியில் படத்திலிருந்தவர் "அவன்". கடைசிப் படியில் "அவர்". நான் கேட்கவில்லை, அவரே மாற்றியிருந்தார். தமிழில் ஓவியத்தைப் பற்றி எழுதுகிறவருக்கு இந்தத் தேர்விலிருந்து தப்பிக்க வழியில்லை. வினைமுற்று வந்தவுடன் மரியாதையும் வந்தாக வேண்டும். எங்கள் பக்கத்தில் எழுபது வயதுக் காலனிப் பெரியவரை ஊர்த்தெருப் பொடியன் "வாடா" என்று கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதே நாக்கோடுதான் கவிதையில் "அவன் நடக்கிறான்" என்று எழுதினோம், உருக்கமாக இருக்கிறது என்று நினைத்து. அம்மாவுக்கு மட்டும் "கட்டும்" என்று வந்திருக்கிறதே என்று யாராவது கேட்கலாம். பெற்ற தாயை வரும், போகும் என்று சொல்வது எங்கள் பக்கத்து நெருக்கம். அதை மாற்றினால் அந்த அம்மா வேறு யாரோ ஆகிவிடுவார்.

இதே போலத்தான் நாமும் நாங்களும். இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிற மொழி நம்முடையது. "நாம் இந்தக் கொடுமைக்குத் தலைகுனிய வேண்டும்" என்று ஒருவர் எழுதினால், அந்த நாமில் கலயம் கட்டியவரும் கட்டவைத்தவரும் ஒன்றாகக் குனிகிறார்கள். யார் யாருக்காகக் குனிவது? ஏழு கவிதைகளில் மூன்றில் இந்த நாம் இருந்தது. அதில் ஒன்றை எழுதியவர் ஊர்த் தெருவிலிருந்து வருகிற தம்பி.

அவர் கவிதை "சமூகமே" என்று விளித்துத் தொடங்கியது. மனிதம் எங்கே போனது என்று கேட்டது. நல்ல பையன், தெருவைத் தாண்டி எங்கள் படிப்பகத்துக்கு வருவதற்கே அவர் வீட்டில் பேச்சு வாங்குகிறார். ஆனாலும் கேட்டேன்: "சமூகம்னா யாருப்பா? ஒரு ஆள் பேரச் சொல்லு."

நெடுநேரம் கழித்து "எங்க ஆத்தா" என்றார். ஆத்தா என்றால் அப்பாவைப் பெற்றவர். களை வெட்ட வருகிறவர்களுக்காக அந்த வீட்டு இறவாணத்தில் ஓர் அலுமினிய டம்ளர் செருகியிருக்குமாம். குடித்துவிட்டுக் கழுவி அங்கேயே செருகிவிட வேண்டும். சிறுபிள்ளையாக இருந்தபோது செம்பிலிருந்து அந்த டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றுவது இவர் வேலை. டம்ளரில் செம்பு படாமல் எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றவேண்டும் என்று ஆத்தா கைபிடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். "இப்ப அந்த டம்ளர் இல்லண்ணா. பேப்பர் கப்பு வாங்கி வச்சிருக்காங்க" என்றார்.

பேஷ்வா காலத்துக் கலயத்துக்கும் பேப்பர் கப்புக்கும் நடுவில் உள்ள தொடர்பை எந்தக் கண்காட்சிக் குறிப்பும் அவருக்குச் சொல்லியிருக்காது. எச்சில் பட்டது எங்கே போகவேண்டும் என்பதுதான் இரண்டிலும் கேள்வி. ஒன்றைக் கழுத்திலேயே சுமக்கவைத்தார்கள். இன்னொன்றைக் குடித்தவரே கசக்கி எறிய வேண்டும். அது இவர் கையிலேயே இருந்திருக்கிறது. அதனால் அவர் கவிதையின் இடம் அந்த மனிதரின் கழுத்து இல்லை, செம்பைப் பிடித்த கை.

அவர் திருத்தி எழுதியதில் டம்ளரும் வந்தது, ஊற்றிய உயரமும் வந்தது. கடைசி வரியாக "மன்னித்துவிடு" என்று இருந்தது. அதைத்தான் விவாதித்தோம். ஒரு பெரியவர் சொன்னார்: "யாரு மன்னிக்கிறது? அந்தாளு செத்து எரநூறு வருசம் ஆச்சு. நாங்க மன்னிக்கணுமா? எங்ககிட்ட நீ கேக்கவே இல்லியே." அது சரி. ஒப்புக்கொள்வதையே விடுதலைச் சீட்டாக மாற்றிக்கொள்கிற கவிதைகள் நிறைய வருகின்றன. அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எழுதி முடித்தபின் எழுதியவருக்கு மனம் லேசாகிவிட்டால் சந்தேகப்படவேண்டும். தம்பி அந்த வரியை அடித்தார். இப்போது அந்தக் கவிதை, அடுக்களையில் அடுக்கி வைத்திருக்கும் பேப்பர் கப்புகளோடும், இன்னும் ஆத்தாவிடம் கேட்கப்படாத ஒரு கேள்வியோடும் நிற்கிறது. அதை அவர் இன்னும் தன் வீட்டில் வாசிக்கவில்லை. வாசிக்கும்வரை கவிதை முடியவில்லை என்று அவரே சொல்கிறார்.

இதைப் பற்றித் தோழர்கள் சிலரிடம் பேசியபோது ஒரு மறுப்பு வந்தது. ஓவியர் ஒரு பெருங்கொடுமையை வரைந்திருக்கிறார், நீங்கள் அதை விட்டுவிட்டு உங்கள் விண்ணப்பப் படிவத்தையும் உங்கள் டம்ளரையும் எழுதுவது சுயபுராணம் இல்லையா என்றார்கள். சாதி என்பது தனிமனித உணர்ச்சி இல்லை, அமைப்பு என்றும் சொன்னார்கள்.

அமைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அமைப்பு ஒரு படிவத்தின் கட்டம் வழியாகத்தான் அந்தத் தங்கையிடம் வந்தது. செம்பை எவ்வளவு உயரத்தில் பிடிக்கவேண்டும் என்ற பாடமாகத்தான் அந்தத் தம்பியிடம் வந்தது. அமைப்பைப் பற்றிக் கட்டுரையில் எழுதலாம், மேடையில் பேசலாம். கவிதை எழுதுகிறவர் அது தன்னிடம் வந்து சேர்ந்த இடத்தைக் காட்டவேண்டும். சுயபுராணத்துக்கும் இதற்கும் வேறுபாடு எங்கே என்றால், சுயபுராணம் எழுதுகிறவருக்கு எதுவும் நட்டமில்லை. இந்த இரண்டு பேருக்கும் நட்டமிருந்தது. ஒருவர் தன் அம்மா முன்னாலும் கல்லூரித் தோழிகள் முன்னாலும் வாசிக்கமுடியாத வரியை எழுதினார். இன்னொருவர் தன் ஆத்தா முன்னால் வாசிக்கமுடியாததை.

எல்லாப் படத்துக்கும் எல்லோரிடமும் இப்படி ஒரு கணக்கு இருக்கும் என்றும் நான் சொல்லவில்லை. பதினொரு பேரில் இரண்டு பேர் கடைசிவரை எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவர்களிடம் அந்தப் படத்தை விட்டுவிடச் சொன்னோம். இல்லாத காயத்தை இரவல் வாங்கி எழுதுவதைவிட எழுதாமல் இருப்பது மரியாதை. அதில் ஒருவர் வேறொரு படத்துக்குப் போனார். அதில் ஒரு கிணறும் கயிறும் இருந்தன. கயிற்றைப் பார்த்ததும் தனக்கு என்னமோ செய்கிறது என்கிறார், என்ன என்று இன்னும் தெரியவில்லை. தெரியும்வரை அவர் எழுதவேண்டாம்.

அந்தத் தங்கை தன் கவிதையைப் பிறகு அம்மாவிடம் வாசித்துக் காட்டினார். அம்மா என்ன சொன்னார் என்று கேட்டோம். நீலப் பேனாவைப் பற்றியோ படிவத்தைப் பற்றியோ அந்த அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். "நாலு சுத்து இல்ல, அஞ்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாராம்.

அடுத்த ஞாயிறு அந்த வரியைத் திருத்திக்கொண்டு வந்தார்.